கழிவு என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை கணக்குகள்?

வங்கியின் கணக்குப் புத்தகத்தைப் படிக்க யாரும் நமக்குத் தனியாகப் பாடம் நடத்தவில்லை. தேதி, விவரம், பற்று, வரவு, இருப்பு என்று ஐந்து பத்திகள். மேல் வரியின் இருப்போடு வரவைக் கூட்டியோ பற்றைக் கழித்தோ பார்த்தால் கீழ் வரியின் இருப்பு வந்துவிடும். வராவிட்டால் கிளைக்குச் சென்று விரலை வைத்துக் கேட்க ஒரு வரி இருக்கிறது. இந்தச் சாதாரண வசதி நம் வீட்டு வாசலுக்கு உணவும் மளிகையும் கொண்டுவரும் விநியோகப் பணியாளருக்கு இன்னும் கிட்டவில்லை என்பதே இக்கட்டுரையின் முறையீடு.

அவர்களும் வங்கி வாடிக்கையாளர்களே. செயலி நிறுவனங்கள் ஊதியத்தை வங்கிக் கணக்கு வழியாகவே தருகின்றன. இத்தகைய செயலிவழித் தொழிலாளர்கள், வாடகைக் கார் ஓட்டுநர் முதலியோரையும் சேர்த்து, 2020-21இல் 77 லட்சம் பேர் இருந்தனர் என்றும், 2029-30இல் இத்தொகை 2.35 கோடியாக உயரும் என்றும் நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. வாரம் ஒருமுறை அவர்கள் கணக்கில் ஒரு தொகை வரவாகிறது. அந்தத் தொகை எப்படி வந்தது என்பதைச் செயலியின் திரை விளக்க வேண்டும். பெரும்பாலும் அங்கே காணப்படுவன மூன்று எண்கள்: ஈட்டியது, கழிவு, வங்கிக்கு அனுப்பியது. மூன்றையும் கூட்டிக் கழித்தால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் கூட்டல் சரியாக இருப்பதனால் மட்டும் அது விளக்கம் ஆகிவிடாது.

ஒரு வாரக் கணக்கை எடுத்துக்கொள்வோம். பெங்களூரில் உணவு விநியோகம் செய்யும் ஒருவருக்கு நாம் கற்பனையாக அமைத்த கணக்கு இது. எண்கள் விளக்கத்திற்காக இடப்பட்டவை. திங்கள் முதல் ஞாயிறு வரை அவர் 104 ஆர்டர்களைக் கொண்டுசேர்த்தார். நடைகளுக்கான ஊதியம் 4,100 ரூபாய். வார ஊக்கத்தொகை 600. வாடிக்கையாளர்கள் மனமுவந்து அளித்த டிப்ஸ் 130. ஆக, ஈட்டியது 4,830 ரூபாய். திரையில் அதற்கடுத்த வரியில் 'கழிவு 1,837' என்று இருக்கிறது. வங்கிக்கு வந்தது 2,993.

இதைப் படிக்கும் பணியாளர் என்ன நினைப்பார்? ஈட்டியதில் நூற்றுக்கு 38 ரூபாயை நிறுவனம் பிடித்துக்கொண்டது என்றுதான் நினைப்பார். அவர் நினைப்பது தவறு. அப்படி நினைக்க வைத்தது திரை. அந்த 1,837 ரூபாய்க்குள் நான்கு வெவ்வேறு கணக்குகள் அடங்கியுள்ளன. மூலத்தில் பிடித்த வரி 47 ரூபாய். முதுகில் சுமக்கும் பைக்கும் சட்டைக்கும் உரிய தவணை 200 ரூபாய். ஆர்டர் ஒன்று கைக்கு வரவில்லை என்று வாடிக்கையாளர் செய்த புகாருக்காக 340 ரூபாய். எஞ்சிய 1,250 ரூபாய் பிடித்தமே அன்று. அவ்வாரம் ரொக்கமாகப் பணம் கொடுத்த வாடிக்கையாளர்களிடமிருந்து அவர் 2,150 ரூபாய் பெற்றிருந்தார். வெள்ளிக்கிழமை யுபிஐ வழியாக 900 ரூபாயை நிறுவனத்துக்குச் செலுத்திவிட்டார். மீதம் 1,250 அவருடைய சட்டைப்பையிலேயே இருந்தது. நிறுவனத்துக்கு உரிய அந்தப் பணத்தைத் திருப்பி வாங்குவதற்குப் பதிலாக, அவருக்குத் தரவேண்டியதில் நேர்செய்து கொண்டார்கள். உண்மையான கழிவு 587 ரூபாய்தான். ஈட்டியதில் ஏறத்தாழ 12 விழுக்காடு. அவ்வார நிகர ஊதியம் 4,243 ரூபாய். அதில் 1,250 முன்னரே கையில் வந்துவிட்டது. 2,993 வங்கியில் வந்தது.

கையிலிருந்த ரொக்கத்தை நேர்செய்ததும், புகாருக்காகப் பணம் பிடித்ததும் ஒரே தலைப்பின்கீழ் வரலாமா? முன்னது பணம் இருக்கும் இடம் பற்றிய செய்தி. பின்னது பணம் போய்விட்டது என்ற செய்தி. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் இருவகைத் தீங்கு விளைகிறது. நேர்மையாக நேர்செய்த தொகையும் அபராதம்போல் தோன்றிச் சந்தேகத்தை வளர்க்கிறது. அதைவிட மோசமாக, உண்மையிலேயே கேள்வி கேட்கவேண்டிய 340 ரூபாய் அந்தப் பெரிய எண்ணுக்குள் மறைந்துபோகிறது. கலப்பதால் நிறுவனத்துக்கும் லாபமில்லை. திங்கட்கிழமைதோறும் உதவி மையத்துக்கு வரும் அழைப்புகள்தாம் மிச்சம்.

ஆகவே முதல் திருத்தம், வரிகளின் வரிசையை மாற்றுவது. மேலே சொன்ன அதே வாரம் கீழ்க்கண்டவாறு எழுதப்பட்டிருந்தால் போதும்:

முன்வார நிலுவை: 0
நடைகளுக்கான ஊதியம்: 4,100
ஊக்கத்தொகை: 600
டிப்ஸ்: 130
வரிப் பிடித்தம்: – 47
பை, சட்டைத் தவணை (5இல் 3ஆவது): – 200
ஆர்டர் புகார்: – 340
இவ்வார நிகர ஊதியம்: 4,243
ஏற்கெனவே உங்கள் கையில் உள்ள ரொக்கம்: – 1,250
வங்கிக்கு அனுப்பியது: 2,993
அடுத்த வாரத்துக்குச் செல்லும் நிலுவை: 0

பத்துப் பதினோரு வரிகள். கைப்பேசித் திரையில் ஒரே பார்வையில் அடங்கும். 'நிகர ஊதியம்' என்ற வரி ரொக்கத்திற்கு மேலே வந்துவிட்டதுதான் இதில் நடந்த பெரிய மாற்றம்.

முதல் வரியும் கடைசி வரியும் பூஜ்யமாக இருக்கின்றனவே, அவை எதற்கு என்று கேட்கலாம். அடுத்த வாரம் காய்ச்சல் காரணமாக அவர் மூன்று நாட்களே வேலை செய்தார் என்று கொள்வோம். நிகர ஊதியம் 1,600. ஆனால் அந்த நாட்களில் ரொக்க ஆர்டர்கள் மிகுந்து 2,000 ரூபாய் கையில் தங்கிவிட்டது. வங்கிக்கு எதுவும் வராது; மாறாக 400 ரூபாய் அவர் தரவேண்டியதாக நிற்கும். மூன்றாம் வாரம் முழுதும் உழைத்து 4,000 நிகரமாக ஈட்டி, ரொக்கம் எதுவும் வாங்காமல் இருந்தாலும் 3,600தான் வரவாகும். நிலுவை வரி இல்லாத திரையில் அந்த 400 காரணமின்றிக் காணாமற்போன பணமாகத் தோன்றும். முந்தைய இருப்பை எழுதாமல் புதிய பக்கத்தைத் தொடங்கும் கணக்கர் ஒருவரை எந்தக் கடை முதலாளியும் வைத்துக்கொள்ள மாட்டார்.

இந்த மூன்று வாரங்களையும் வங்கியின் பக்கமிருந்து பார்ப்பது நம் வாசகர்களுக்குப் பயன்படும். கணக்கில் வரவானவை 2,993, பூஜ்யம், 3,600, மொத்தம் 6,593. அவர் உண்மையில் ஈட்டியது 9,843. இரண்டுக்கும் இடையே 3,250 ரூபாய் வேறுபாடு; அதாவது வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு வங்கியின் கண்ணுக்கே தெரியவில்லை. போதாக்குறைக்கு, வெள்ளிக்கிழமை அவர் யுபிஐ வழியாக நிறுவனத்துக்குச் செலுத்திய 900 ரூபாய் கணக்கில் பற்றாக விழுந்து, ஏதோ செலவு செய்தவர்போல் காட்டுகிறது. இரண்டு சக்கர வாகனக் கடனுக்கு அவர் விண்ணப்பித்தால் மேலாளரின் முன் இருப்பது இந்த அறிக்கைதான். ரொக்க ஆர்டர்கள் கூடினால் வருமானம் குறைந்ததுபோலவும், குறைந்தால் கூடியதுபோலவும் காட்டும் ஒரு விசித்திரக் கண்ணாடி அது. மேற்கண்டவாறு பிரித்தெழுதிய வார அறிக்கையை, பன்னிரண்டு மாதங்களுக்குப் பதிவிறக்கிக்கொள்ளும்படி நிறுவனம் தந்தால், 'வங்கிக்கு அனுப்பியது' என்ற வரியை வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டு, 'நிகர ஊதியம்' என்ற வரியை வருமானமாக ஏற்க முடியும். அதிலும் பெட்ரோலும் வண்டிப் பழுதும் பணியாளரின் சொந்தச் செலவு என்பதை மேலாளர் மறந்துவிடலாகாது. நிகர ஊதியம் என்பது லாபம் அன்று.

இனி ஊக்கத்தொகைக்கு வருவோம். மனவருத்தம் அதிகம் பிறப்பது இங்கேதான். நம் பணியாளருக்கு வாரத் தொடக்கத்தில் செயலி காட்டிய வாய்ப்பு இது: 80 ஆர்டர்கள் முடித்தால் 600 ரூபாய், 100 முடித்தால் 1,000 ரூபாய். அவர் 104 முடித்ததாகத் தாமே குறித்து வைத்திருக்கிறார். ஆயினும் 600தான் கிடைத்தது. செயலியின் எண்ணிக்கையில் அவர் முடித்தது 98. ஆறு ஆர்டர்கள் எங்கே போயின?

மூன்று முறை ஒரே உணவகத்திலிருந்து இரண்டிரண்டு ஆர்டர்களைச் சேர்த்து எடுத்துச்சென்றார். வாசற்படி ஆறு ஏறினார். ஊக்கத்தொகை விதியில் இணைந்த ஆர்டர் ஒரே நடையாகக் கொள்ளப்படுவதால் மூன்றுதான் எண்ணப்பட்டது. உணவை எடுத்தபின் வாடிக்கையாளர் ரத்து செய்த ஆர்டர் ஒன்று. அதற்கு ஊதியம் உண்டு, எண்ணிக்கை இல்லை. எஞ்சிய இரண்டும் ஞாயிறு இரவுக்கு உரியவை. பதினொன்றேமுக்காலுக்குமேல் ஏற்று, நள்ளிரவைக் கடந்து கொடுத்தார். ஊதியம் ஆர்டரை ஏற்ற நேரத்தைக்கொண்டு இந்த வாரத்தில் எழுதப்பட்டது; ஊக்கத்தொகையோ கொடுத்து முடித்த நேரத்தைக்கொண்டு அடுத்த வாரத்துக்குச் சென்றது. ஒரே நிறுவனத்தில் இரண்டு கடிகாரங்கள்.

இந்த விதிகள் நியாயமா என்பது வேறு விவாதம். இணைந்த ஆர்டரை ஒன்றாக எண்ணுவதற்கு வாதம் இருக்கலாம். இரண்டு கடிகாரங்களுக்கு எந்த வாதமும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் விதி எதுவாயினும், '98' என்ற எண்ணோடு '104' என்ற எண்ணையும் ஒரே இடத்தில் காட்டி, நடுவிலுள்ள ஆறையும் ஆர்டர் எண்ணோடு பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் எதிரே காரணத்தை ஒரு சொற்றொடரில் எழுத வேண்டும். இதில் மறைக்கத்தக்க வணிக இரகசியம் ஏதுமில்லை. செயலி அந்த ஆறையும் நீக்கியபோதே காரணத்தை அறிந்துதான் நீக்கியது. அறிந்ததை எழுதாமல் விடுவதுதான் இப்போதைய குறை.

நேரமும் முக்கியம். திங்கட்கிழமை இந்தப் பட்டியலைப் பார்ப்பதைவிட ஞாயிறு மாலை பார்ப்பதே பயன். 'இன்னும் இரண்டு' என்று தெரிந்திருந்தால் அவர் இரவு உணவைச் சற்றுத் தள்ளிப்போட்டிருப்பார். அல்லது எட்டாது என்று தெரிந்து வீட்டுக்குப் போயிருப்பார். அவர் கண்ணில் பட்ட எண்ணிக்கை வாரம் முழுதும் அவர் முடித்த ஆர்டர்களின் எண்ணிக்கையாகவும், கணக்கு முடிக்கும்போது தகுதி பெற்ற எண்ணிக்கையாகவும் மாறுவதுதான் ஏமாற்றத்தின் ஊற்று. வாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தகுதி பெற்ற எண்ணிக்கையையே காட்டவேண்டும்.

ஊக்கத்தொகை என்ற பெயரில் இன்னொன்றும் உலவுகிறது. பத்து மணி நேரம் செயலியில் இருந்தால் 900 ரூபாய்க்கு உத்தரவாதம் என்ற வகை. நடைகளில் 780 ரூபாய் ஈட்டினால், நிறுவனம் 120 ரூபாயைச் சேர்த்து 900 ஆக்கும். 950 ஈட்டினால் எதுவும் சேராது. இதைக் கேட்கும் புதியவர், 780க்கு மேல் 900 வரும் என்று கணக்கிட்டு 1,680 எதிர்பார்ப்பார். இது ஊக்கத்தொகை அன்று, குறைநிரப்புத் தொகை. அந்தப் பெயரிலேயே தனி வரியாக, 'உத்தரவாதம் 900, நடைகளில் வந்தது 780, சேர்த்தது 120' என்று காட்டினால் எதிர்பார்ப்பும் ஏமாற்றமும் ஒருங்கே நீங்கும்.

புகாருக்காகப் பிடித்த 340 ரூபாய் வேறொரு வகைச் சிக்கல். மற்ற வரிகளில் பணியாளர் கூட்டிப் பார்க்கலாம். இங்கே அவர் மறுத்துப் பேச வேண்டியிருக்கிறது. மறுத்துப் பேச அவருக்குத் தேவை ஆர்டர் எண், நாள், புகாரின் சொற்கள், உணவைக் கொடுத்ததாக அவர் பதிந்த நேரமும் இடமும், வாசலில் படம் எடுத்திருந்தால் அந்தப் படம், முறையிடுவதற்குக் கடைசி நாள். 'அட்ஜஸ்ட்மென்ட் 340' என்ற ஒற்றைச் சொல்லோடு இவற்றில் ஒன்றும் வருவதில்லை. பத்து நாள் கழித்து, நூற்றுக்கணக்கான வாசல்களில் எந்த வாசல் அது என்று அவரால் நினைவுகூர இயலுமா? (ஆர்டர் வந்துசேரவில்லை என்று பொத்தானை அழுத்துமுன் வாசற்காவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நம்மாலும் ஆகக்கூடிய காரியம்.)

அதோடு, புகார் வந்தவுடனேயே பணத்தைக் கழித்துவிட்டு, முறையீடு வென்றால் திருப்பித் தருவது என்ற நடைமுறையையும் மாற்றவேண்டும். வங்கியில் தகராறுக்குரிய தொகையின்மீது தற்காலிக நிறுத்திவைப்பு இடுவார்கள். இருப்பில் அது தெரியும், எடுக்க மட்டும் முடியாது. அதுபோல் 'நிறுத்திவைத்தது 340, முடிவு இந்த நாளுக்குள்' என்று எழுதலாம். முடிவுக்கு நாள் குறிப்பதற்கும் முன்மாதிரி உண்டு. ஏடிஎம்மில் பணம் வராமலேயே கணக்கில் பற்று விழுந்தால், அந்நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் வங்கி தானாகவே திருப்ப வேண்டும், தவறினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019இல் விதித்தது. அதன்பின் வாடிக்கையாளர் எதிர்நோக்கவேண்டிய நாள் திட்டவட்டமாகத் தெரிந்துவிட்டது. செயலி நிறுவனங்கள் தாமாகவே இத்தகைய ஒரு நாளை அறிவிப்பதில் தடையேதும் இல்லை.

வரிப் பிடித்தத்தையும் தவணையையும் பற்றி இரண்டொரு சொல் போதும். தவணை என்றால் எத்தனையில் எத்தனையாவது என்று எழுதினால் முடிந்தது. ஒப்பந்தப் பணியாகக் கருதி 1 விழுக்காடு வரி பிடிக்கப்பட்டிருந்தால் அது இழப்பு அன்று. பணியாளரின் பான் எண்ணில் வரவு வைக்கப்படும் தொகை. ஆண்டு வருமானம் வரிக்கு உட்படாதாயின் வருமான வரி அறிக்கை தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். 'உங்கள் பான் எண்ணில் வரவாகிறது' என்ற நான்கு சொற்களை அந்த வரியின் கீழ் அச்சிட்டால், இதை அபராதம் என்று எண்ணிக்கொண்டிருக்கும் பலர் அந்தப் பணத்தைக் கேட்டுப் பெறுவார்கள். பான் எண்ணைத் தராதவர்களிடம் 20 விழுக்காடு பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. அப்படிப் பிடித்தால் காரணத்தையும் உடனே சொல்லியாக வேண்டும்.

இதற்கு நிறுவனங்கள் தரப்பில் சொல்லப்படும் மறுப்பு ஒன்றைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. ஊதியம் நேரத்துக்கு நேரம், பகுதிக்குப் பகுதி, மழைக்கு வெயிலுக்கு மாறுகிறது. கணக்கிடும் முறையை முழுதும் வெளியிட்டால் போட்டி நிறுவனம் அறிந்துகொள்ளும், சிலர் அதை வைத்து விளையாடவும் கூடும் என்பர். ஒரு பகுதியில் அடுத்த மணி நேரத்தில் என்ன விகிதம் வைப்பது என்று முடிவுசெய்யும் முறையை வெளியிடுமாறு இங்கே யாரும் கேட்கவில்லை. முடிந்துபோன நடைக்கு எது தரப்பட்டது என்பதைத்தான் கேட்கிறோம்: உணவகம் வரை எத்தனை கிலோமீட்டர், அங்கிருந்து வீடு வரை எத்தனை, காத்திருந்த நிமிடங்கள் எத்தனை, மழைக்கெனச் சேர்ந்தது எவ்வளவு. செயலி கணக்கிட்ட தூரமும் வண்டி ஓடிய தூரமும் வேறுபட்டால் இரண்டையும் காட்டினால், ஒருவழிப் பாதையோ மேம்பாலமோ வரைபடத்தில் தவறாக இருப்பது நிறுவனத்துக்கே முதலில் தெரியவரும். மின்கட்டண ரசீதில் அலகும் விகிதமும் இருக்கின்றன; மின்வாரியத்தின் நிர்வாக இரகசியங்கள் இல்லை.

சட்டமும் இந்தத் திசையில் நகர்ந்துகொண்டிருக்கிறது. செயலிவழித் தொழிலாளர்களுக்கென நாட்டிலேயே முதலாவதாகத் தனிச்சட்டம் 2023இல் இராஜஸ்தானில் வந்தது. கர்நாடகம் 2025இல் இயற்றிய சட்டம், பணியாளரைப் பாதிக்கும் தானியங்கி முறைகளில் வெளிப்படைத்தன்மையையும் வலியுறுத்துகிறது. ஆனால் தெரிவித்தல் என்ற கடமையை எளிதில் சடங்காக்கிவிடலாம். நூறு பக்க விதிமுறையை ஆங்கிலத்தில் இணைத்து, 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை வைத்துவிட்டாலும் தெரிவித்ததாகவே ஆகும். பெங்களூரில் வண்டி ஓட்டுபவர்களுள் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, வங்காளம், ஒடியா என்று பல மொழியினர் உண்டு. வார அறிக்கையின் சொற்கள் முப்பதுக்கு மேல் இல்லை. அவற்றை அவரவர் மொழியில் தருவது மலையைப் புரட்டும் வேலை அன்று.

விளக்கம் தெளிவானால் ஊதியம் உயர்ந்துவிடாது. 340 ரூபாய் ஏன் போனது என்று அறிந்தபின்னும் அது போனதாகவே இருக்கலாம். தெளிவான அறிக்கையைப் படித்துவிட்டு, இந்த விகிதம் கட்டுப்படியாகாது என்று வேலையை விட்டு விலகுபவர்களும் இருப்பார்கள்; அதுவும் அவர் அறிந்து எடுத்த முடிவாக இருக்கும்.

நிறுவனங்கள் திருத்தும்வரை பணியாளர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலோ உறவிலோ இவ்வேலை பார்ப்பவர் இருந்தால், ஒரு சிறு குறிப்பேட்டில் நாள்தோறும் மூன்று எண்களை எழுதச் சொல்லுங்கள்: முடித்த ஆர்டர்கள், வாங்கிய ரொக்கம், நிறுவனத்துக்குச் செலுத்திய ரொக்கம். திங்கட்கிழமை வங்கிக்கு வந்த தொகையோடு, கையில் எஞ்சிய ரொக்கத்தைக் கூட்டிப் பார்க்கட்டும். முன்வார நிலுவை இல்லாதபோது அந்தக் கூட்டுத்தொகைதான் அவ்வார நிகர ஊதியம். செயலி காட்டும் 'ஈட்டியது' என்ற எண்ணிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவதே உண்மையான கழிவு. நம் எடுத்துக்காட்டில் அது 1,837 அன்று, 587. உதவி மையத்தை அழைக்கும்போது, '1,837 ரூபாய் ஏன் பிடித்தீர்கள்?' என்று கேட்பதற்குப் பதிலாக, '47, 200 தெரிகிறது. மீதி 340 எந்த ஆர்டருக்கு?' என்று கேட்க முடியும்.